ரீவைண்டிங்குக்கு மோட்டார் கொடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டுக் கொடுங்க: 18,500 ரூபாய் போச்சு

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நேற்றுதான் கூலிங் வாட்டர் பம்புக்குப் புது மோட்டாரும், அதைப் பம்போடு இணைக்கிற கப்ளிங்கும் வேண்டும் என்று மேனேஜ்மென்ட்டுக்குக் கடிதம் கொடுத்தேன். அதே மோட்டாருக்குப் போன மாசம்தான் 18,500 ரூபாய் பில் பாஸ் பண்ண வைத்தவனும் நான்தான்.

15 ஹெச்பி மோட்டார், காயில் எரிந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற ஒரு ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். ஓனர் நம்ம தமிழ்க்காரர். டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, உங்க மோட்டார் என் மோட்டார் மாதிரி, கவலைய விடுங்க"ன்னார். நாலாம் நாள் பளபளன்னு பெயிண்ட் அடித்து வந்தது. கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட். அதில் இன்சுலேஷனைச் சொல்கிற மெக்கர் ரீடிங் மட்டும் இருந்தது, லோடு இல்லாமல் ஓடும்போது எடுக்கிற நோ-லோட் கரன்ட் இல்லை. நான் கேட்கவில்லை. நம்ம ஆளாச்சே என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மாட்டின மூன்றாம் நாளே ஓவர்லோட் ரிலே டிரிப். நேம்பிளேட்டில் 21 ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் 24 காட்டுகிறது. போன் பண்ணினால், "உங்க பம்புல லோடு அதிகம்ணே." மறுநாள், "ஓல்டேஜ் பாருங்கண்ணே." அதற்கு அடுத்த நாள், "ரிலேயை 25-க்கு ஏத்தி வைங்க, டிரிப்பே ஆகாது"ன்னார். ரிலே இருக்கிறதே மோட்டாரைக் காப்பாத்தத்தான்! அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

பம்பா மோட்டாரா என்று தெரிந்துகொள்ள நேரான வழி, கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டுவதுதான். ஓட்டினேன். பம்பே மாட்டாமல் 12.6 ஆம்பியர். பக்கத்தில் அதே கம்பெனி, அதே ரேட்டிங்கில் ஸ்டாண்ட்பை மோட்டார் இருக்கிறது. அதையும் அதேபோல் கழற்றி ஓட்டினால் 7.8 தான். பவர் மீட்டரில் ஸ்டாண்ட்பை 0.5 கிலோவாட் எடுக்கிறது, இது 1.4. தப்பு மோட்டாருக்குள்ளேதான். வேறொரு வைண்டர் திறந்து காட்டினார். பழைய காயிலை எடுக்க கேஸ் டார்ச்சை வைத்து ஸ்டேட்டரை எரித்திருக்கிறார்கள், அதன் இரும்புத் தகடுகள் கருநீலமாகக் கிடந்தன. அடுப்பில் சூட்டை அளந்து, சுமார் 370 டிகிரியைத் தாண்டவிடாமல் செய்யவேண்டிய வேலை. தாண்டினால் தகடுகளுக்கு நடுவில் இருக்கிற இன்சுலேஷன் போய், இரும்பே சூடாகும். அதற்குமேல் எத்தனை தடவை காயில் கட்டினாலும் அந்தச் சூடு போகாது.

கப்ளிங் கதை இன்னும் மோசம். கப்ளிங்கை மூடியிருக்கிற கார்டைத் திறந்தால் கீழே கறுப்பு ரப்பர் தூள் குவிந்திருக்கிறது. கப்ளிங்குக்குப் புது ரப்பர் புஷ் போட்டுப் பதினோரு நாள்தான் ஆகிறது. டயல் கேஜ் வைத்தேன், ஷாஃப்ட் 0.02 மில்லிமீட்டர்தான் ஆடுகிறது, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற கப்ளிங் 0.4 ஆடுகிறது. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட்டையும் கப்ளிங்கையும் பூட்டுகிற சாவிக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடு மடித்துச் செருகியிருக்கிறது. கடையில் புல்லர் போடாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றி, ஷாஃப்ட் நுழைகிற ஓட்டையான போரைக் கெடுத்துவிட்டு, லூஸை மறைக்கத் தகடு! அந்தத் தகட்டைக் கவரில் போட்டுக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

"போன மாசம்தானே 18,500 கொடுத்தோம்" என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று தெரியும். அதனால் அதையே முதல் வரியாக எழுதினேன்: "அந்தச் செலவு வீண், ஒப்புதல் என்னுடையது." அடுத்து இரண்டு மோட்டாரின் ரீடிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு மின்சாரக் கணக்கு. கூடுதலாக வீணாகிறது 0.9 கிலோவாட், நாளுக்கு 16 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்: 4,320 யூனிட். எங்கள் பில்லில் யூனிட் சுமார் 8 ரூபாய், ஆக 34,560 ரூபாய். புது மோட்டாருக்கும் கப்ளிங்குக்கும் சேர்த்து வந்த கொட்டேஷன் 58,000. இருபது மாசத்தில் கரன்ட் பில்லிலேயே திரும்பிவிடும். கப்ளிங்கை ஏன் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும் எழுதினேன்: போர் கெட்ட கப்ளிங்கைப் புது ஷாஃப்டில் ஏற்றினால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும்.

என்னவெல்லாம் கவனிக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடலை. மோட்டாரைக் கொடுப்பதற்கு முன்னாடி கப்ளிங்கை நீங்களே புல்லர் போட்டுக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கடையிலேயே மூன்று ஃபேஸும் கொடுத்து ஓட்டி, நோ-லோட் கரன்ட்டை எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரிலேயை ஏத்தச் சொன்னால் ஏத்தாதீர்கள்.

18,500 ரூபாய்க்கு அந்தக் கடை ரசீதில் "நோ வாரண்டி" என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, இன்றைக்குத்தான் பார்த்தேன். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஸ்டாண்ட்பை பம்ப் ஒன்றை வைத்துக்கொண்டுதான் லைன் ஓடுகிறது.