கொம்பியூட்டர் இல்லாத வீட்டுக்கு எது சரி: மைக்ரோபிட்டா, டியூரிங் டம்பிளா, சதுரக் கொப்பியா?

அக்கா வீடு பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்ட லயத்தில். மகளுக்கு வயது 12. "மாமா, எனக்கு கோடிங் படிக்கணும்" என்றாள். வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. இருக்கிற ஒரே போனும் காலையில் அத்தானோடு வேலைக்குப் போய்விடும். கொழும்பிலிருந்து எதைக் கொண்டுபோவது என்று யோசித்தேன்.

பட்டனை அமுக்கினால் தரையில் 15 சென்டிமீற்றர் நகரும் பீபொட் வண்டியை உடனே தள்ளிவிட்டேன். அது சின்னப் பிள்ளைகளுக்கு.

மைக்ரோபிட் நல்ல சாமான். உள்ளங்கையில் அடங்கும் பலகை, 25 சின்ன விளக்குகள், இரண்டு பட்டன்கள், இரண்டு சின்ன பெட்டரியில் ஓடும். ஆனால் புரோகிராமை வேறொரு கொம்பியூட்டரிலோ போனிலோ எழுதித்தான் அதற்குள் ஏற்ற வேண்டும். ஒரு தடவை ஏற்றினால் அது அழியாமல் இருக்கும். ஆனால் பிழை தெரிகிற நேரத்தில் திருத்த வழியில்லை. திருத்த முடியாவிட்டால் அங்கே படிப்பு நின்றுவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் வாரம் ஒரு நாளாவது உட்கார விடுவார்கள் என்றால் வாங்கலாம்.

டியூரிங் டம்பிளுக்கு மின்சாரமே வேண்டாம். சாய்ந்து நிற்கும் பலகையில் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, மேலேயிருந்து நீலக் குண்டையும் சிவப்புக் குண்டையும் உருட்டிவிடுவது. கீழே விழும் குண்டு ஒரு நெம்பைத் தட்டும், அது அடுத்த குண்டை விடும். இதில் உயிரே 'பிட்' என்கிற துண்டுதான். ஒரு குண்டு கடக்கும்போது அது மறுபக்கம் சாயும், அடுத்த குண்டு எதிர்ப்பக்கம் போகும். அப்படி மூன்றை அடுக்கினால் 0 முதல் 7 வரை எண்ணலாம். நினைவு என்பது ஒரு துண்டின் சாய்வுதான் என்று கண்ணால் பார்க்கலாம், அதை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்க்கவில்லை. 60 புதிர்கள் உண்டு. குறை என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய விலையுள்ள பெட்டி. மேசை சரிவாக இருந்தால் குண்டு தடம் மாறும், அப்போது பிழை தன்னுடையதா மேசையுடையதா என்று பிள்ளைக்குத் தெரியாது.

கடைசியில் நான் கொண்டுபோனது ஒரு சதுரக் கொப்பி. 1968இல் பெல் ஆய்வுகூடம் பாடசாலைகளுக்காகச் செய்த கார்டியாக் என்ற அட்டைக் கொம்பியூட்டரைக் கொப்பியில் வரைந்துகொள்ளலாம். 00 முதல் 99 வரை நூறு கட்டங்கள். பக்கத்தில் கணக்குப் பெட்டி ஒன்று. ஒவ்வொரு கட்டளையும் மூன்று இலக்கம்: முதல் இலக்கம் வேலை, மற்ற இரண்டும் கட்டத்தின் எண். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்ட அட்டையில் ஒரு வண்டு வரும். நாங்கள் சேர்ட் பொத்தான் வைத்தோம்.

காலைக் கொழுந்து 9 கிலோ, பின்னேரம் 7, ஈரத்துக்குக் கழிக்கிறது 2. அவள் அம்மாவின் கணக்கையே எழுதினோம்:

```
20  034
21  035
22  134
23  235
24  737
25  636
26  536
27  900
37  002
```

0 எண்ணை வாங்கிக் கட்டத்தில் வைக்கும். 1 பெட்டியைத் துடைத்துவிட்டுக் கட்டத்தில் இருக்கிற எண்ணைப் போடும். 2 கூட்டும், 7 கழிக்கும், 6 சேமிக்கும், 5 வெளியே சொல்லும், 9 நிறுத்தும். 37ஆம் கட்டத்தில் இருப்பது கட்டளை இல்லை, ஈரத்துக்குக் கழிக்கிற 2. பொத்தானை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினால் 14 வர வேண்டும்.

அவளுக்கு முதல் தடவையே 14 வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம், எதற்கான கணக்கு என்று சொல்லாமல் கொப்பியைக் கொடுத்தேன். அவனுக்கு 5 வந்தது. பார்த்தால் 23ஆம் கட்டத்தில் 235க்குப் பதில் 135 எழுதியிருக்கிறாள். அது காலைக் கொழுந்தைத் துடைத்துவிட்டு 7ஐ மட்டும் போட்டிருக்கிறது, அதில் 2 போனால் 5. அவள் விடை தெரிந்ததால் மனக்கணக்காய் 14 எழுதிவிட்டாள். இந்தக் கொப்பி முறையின் பெரிய ஓட்டை இதுதான்: இயந்திரம் பிள்ளையே, அது ஏமாற்றும். அதனால் இரண்டாவது ஆள் ஓட்டிப் பார்க்காமல் எந்த விடையையும் நம்பக் கூடாது. டம்பிளில் இந்தத் தொல்லை இல்லை, குண்டுக்கு விடை தெரியாதே.

இன்னொன்று, இது மெதுவானது. எட்டுக் கட்டளைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அழிறப்பர் ஒன்று கூடுதலாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் காசு இருந்தால் இதற்கு அப்புறம் டம்பிள் வாங்கலாம். நான் இன்னும் வாங்கவில்லை. இப்போது அவள் 3 என்ற கட்டளையோடு மல்லுக்கட்டுகிறாள்: பெட்டியில் கழித்தல் எண் வந்தால் வேறு கட்டத்துக்குத் தாவச் சொல்வது. 18 கிலோவுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று வைத்துக்கொண்டால், 14இலிருந்து 18 போக கழித்தல் நாலு, உடனே தாவி அரைப் பேர் என்று சொல்ல வேண்டும். சரியாக 18 வந்தால் என்ன செய்யும் என்று நேற்றுக் கேட்டாள். ஓட்டிப் பார் என்றேன்.