கிளிநொச்சிக் கலியாணம்: மண்டபம் சரி, மூன்றாம் பந்தியில் கறி இல்லை

போன ஆவணியில் தங்கச்சியின் மகளுடைய கலியாணத்துக்காகக் கனடாவில் இருந்து கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் பெயரையும் சமையல்காரரின் பெயரையும் இங்கே சொல்லவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மண்டபத்தில் குறை இல்லை. விடிய 5 மணிக்கே திறந்து விட்டார்கள். கரண்ட் ஒருக்கால் நின்றபோது ஜெனரேற்றரை உடனே போட்டார்கள்.

சாப்பாடுதான் பிரச்சினை. 400 இலைக்குக் காசு கட்டியிருந்தோம். 10.30க்கு வரவேண்டிய சாப்பாட்டு வான் 11.15க்குத்தான் வந்தது, தாலி கட்டி முடிந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது, புதுக்குடியிருப்பில் இருந்தும் முள்ளியவளையில் இருந்தும் விடியவே பஸ் ஏறி வந்த வயதான ஆட்கள் எல்லாம் சாப்பாட்டு மண்டப வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு பந்திக்கு 120 பேர் இருக்கலாம். முதல் இரண்டு பந்தியும் நல்லாப் போனது. மூன்றாவதில் சோறு இருக்கிறது, பருப்பு இருக்கிறது, கத்தரிக்காய்ப் பால்கறியும் பூசணிக்காயும் முடிந்துவிட்டன. ஆட்கள் கூடிவிட்டார்களோ என்று பின்னால் போய்க் கழித்த இலைகளை எண்ணினோம், மொத்தமே 345தான்! சமையல்காரரிடம் கேட்டேன். "அண்ணை, சோறு கணக்காத்தான் போட்டனாங்கள், கறிதான் கொஞ்சம் மட்டா வந்திட்டுது" என்றார். இலைக் கணக்கு என்றால் சோற்றைத்தான் அளக்கிறார்கள், கறிக்கு அளவு பேசுவதே இல்லை. முதல் பந்தியில் பிள்ளைகள் அள்ளி அள்ளி வைத்ததும் சேர்ந்துகொண்டது. மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தால் அரை மணியில் இன்னொரு கறி இறக்கியிருக்கலாம், இவர்கள் சமைத்தது ஒரு மணித்தியாலத் தூரத்தில், அதனால் கை விரித்துவிட்டார்கள். அப்புறம், பால்கறியைச் சுடச்சுட மூடி வானில் கொண்டு வந்தால் வன்னி வெயிலுக்குச் சீக்கிரம் புளிக்கும், இரண்டாம் பந்தியிலேயே அதன் மணம் மாறியிருந்தது.

பரிமாறிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பணிவானவர்கள். ஆனால் எங்கள் அம்மம்மா வடையைக் கையில் வைத்துக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருக்க, ஒரு பொடியன் இலையை மடித்து எடுத்துவிட்டான். அடுத்த பந்திக்கு அவசரமாம். அவ முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வயதான பரிமாறுகாரர் ஒருவர் ஓடிவந்து, "இருங்கோ அம்மா" என்று புது இலை போட்டு, பாயசம் விட்டு, அவ குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கலியாணம் வைக்கிறவர்கள் காசு கட்டமுதல் மண்டபத்திலேயே சமைப்பார்களா என்று கேளுங்கோ. ஒவ்வொரு கறிக்கும் எத்தனை கிலோ மரக்கறி என்று எழுதி வாங்குங்கோ. காலையில் அந்தச் சாக்குகளை நிறுத்துப் பார்க்க வீட்டு ஆள் ஒருவரை விடுங்கோ. மீதிக் காசை கடைசிப் பந்தி எழும்பின பிறகு கொடுங்கோ, நாங்கள் முதல் நாளே முழுக்கக் கட்டிவிட்டோம்.