ஞாயிறு காலை அழைப்பும் சனிக்கிழமைப் படமும்: சில வருசப் பாவனைக்குப் பிறகு

பக்கத்து வீட்டு அக்காவின் அம்மா வாற மாதம் கனடாவுக்குப் போறா. "உங்கட அம்மா அப்பாவோட நீங்கள் எப்பிடிக் கதைக்கிறனியள்? நானும் அம்மாவுக்கு ஒரு ரப்லெட் வாங்கிக் குடுக்கவோ?" என்று அக்கா வேலிக்கு அங்கால நின்று கேட்டா. நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விசயமில்லை. அதுதான் எழுதுகிறேன்.

அம்மாவும் அப்பாவும் ஸ்காபரோவில் அண்ணா வீட்டில் இருக்கினம். நான் கோண்டாவிலில், அவர்கள் விட்டுவிட்டுப் போன வீட்டில். ஞாயிறு காலையில் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. அதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரே ஒரு படம் அனுப்புவேன். ஏற்பாடு இவ்வளவுதான்.

நேரத்தை எங்கள் மணிக்கூட்டில் வைக்காமல் அவர்களுடைய மணிக்கூட்டில் வையுங்கள். அப்பா சாப்பிட்டு, மருந்து எடுத்து, நித்திரைக்குப் போக முன்னம் உள்ள நேரம் இரவு எட்டரை. குளிர்காலத்தில் அது எங்களுக்கு ஞாயிறு காலை ஏழு மணி. மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம். அதற்குப் பிறகும் நாங்கள் ஏழு மணிக்கே எடுத்தால் அங்கே ஒன்பதரை ஆகிவிடும், அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். ஆனபடியால் கோடையில் நான் ஆறு மணிக்கு எழும்புகிறேன். மணிக்கூடு மாறுவது அங்கத்தைய விடியப்புறம் இரண்டு மணிக்கு. எங்கள் அழைப்பு அதற்கு முன்னமே முடிந்துவிடும். அதனால் மாற்றம் அடுத்த கிழமைதான் தெரியும். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பழைய நேரத்துக்கு வரும்.

இனிப் படம். இதில்தான் நான் எதிர்பாராத சந்தோசம் கிடைத்தது. முந்தி அழைப்பில் "சாப்பிட்டியளோ, குளிரோ, மருந்து எடுத்தனீங்களோ" என்று கேட்டு முடிந்தால் அப்பா போனை அம்மாவிடம் குடுத்துவிடுவார். ஒருமுறை வளவில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மரத்தை எடுத்து அனுப்பினேன், பூத்திருக்கிறதைக் காட்டத்தான். சனிக்கிழமை பின்னேரம் இங்கே ஆறு மணி என்றால் அங்கே காலை; அப்பா பகல் முழுக்க அதை வைத்துப் பார்த்திருக்கிறார். அழைப்பு எடுத்ததும் வணக்கம் சுகம் ஒன்றுமில்லை. "பிள்ளை, கிணத்துப் பக்கக் கொப்பில குருவிச்சை பிடிச்சிருக்கு. நீ பார்க்கேல்லையோ?"

எனக்கு அது மாவிலை மாதிரித்தான் தெரிந்தது. "இலையின்ர தடிப்பைப் பார், நிறத்தைப் பார்" என்றார். குருவிச்சையை மட்டும் பிடுங்கினால் காணாது, வேர் கொப்புக்குள்ளே ஓடியிருக்கும், பிடிச்ச இடத்திலிருந்து ஒரு முழம் கீழே தள்ளிக் கொப்போடு வெட்ட வேண்டும், காய்க்க முன்னம் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவி விதையைக் கொண்டுபோய் மற்றக் கொப்பிலும் பூசிவிடும் என்று அரை மணித்தியாலம் கதைத்தார். அடுத்த கிழமை வெட்டின இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் கீழ வெட்டியிருக்கலாம்" என்றார். கனடா போன பிறகு அப்பா எனக்கு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து படத்தில் அவர் பார்த்துக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கிற மாதிரி எடுக்கிறேன். படலை, கிணற்றடி, வெங்காயத் தறை. சிரித்துக்கொண்டு நிற்கிற படத்துக்கு "வடிவாய் இருக்கு" என்ற ஒரு சொல்தான் வரும். அனுப்பும்போது மேலே உள்ள HD என்பதை அழுத்துங்கள். சாதாரணமாய் அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், பெருப்பித்துப் பார்த்தால் இலை எல்லாம் கலங்கிக் கிடக்கும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விசயத்துக்கு வருகிறேன்: அந்த இரண்டு நீலக் கோடு. படம் போய்ச் சேர்ந்து, அவர்கள் அந்தக் கதைப் பக்கத்தைத் திறந்தாலே நீலமாகிவிடும். படம் உண்மையில் இறங்கினதோ இல்லையோ அதற்குக் கணக்கில்லை. ரப்லெட்டில் இடம் நிரம்பிவிட்டால் படம் இறங்காது, புகை படிந்த மாதிரி ஒரு கட்டமும் கீழ்நோக்கின அம்புக்குறியும்தான் நிற்கும். அம்மாவைக் கேட்டால் "ஓம் பிள்ளை, பார்த்தனாங்கள், நல்லாயிருக்கு" என்பா. என்னை மனம் நோகவைக்கக் கூடாது என்று சொல்கிற பொய் அது. நல்லூர்த் தேர்ப் படங்கள் எத்தனையோ இப்படிப் பார்க்கப்படாமலே கிடந்தன.

இப்போது "பார்த்தியளோ" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "படலைக்குப் பக்கத்தில என்ன நிக்குது?" என்று கேட்பேன். பதில் வராவிட்டால் படம் இறங்கவில்லை. இடத்தை அடைப்பது எங்கள் படங்கள் இல்லை. காலை வணக்கப் படங்களும் கோயில் குழுக்களில் சுற்றுகிற வீடியோக்களும்தான். அண்ணாவின் மகள் Settings, பிறகு Storage and data, அதற்குள் Manage storage என்று போய், பலமுறை அனுப்பப்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டுகிறதை அழித்துவிடுவாள். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அவளைக் கெஞ்ச வேண்டும். வயது போன ஆக்கள் பாவிக்கிற சாமானில் இந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டது நியாயமே இல்லை.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவவுக்கு வீடியோ கட்டாயம், ஏனென்றால் பாதியை வாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறா. யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் என் முகம் கறுத்துப்போய் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. யன்னலைப் பார்த்து இருந்தால் சரி.

போன மாதம் ரப்லெட் சார்ஜ் ஏறாமல் திருத்தக் குடுத்துச் சில கிழமை கழித்துத்தான் வந்தது. அந்த இடைவெளியில் அண்ணா வீட்டு லைனுக்கு எடுத்தேன். அப்பா அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. வீடியோவில் அவர் தன் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, கை உளைந்து, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். றிசீவரைக் காதில் வைத்ததும் பழைய அப்பா. இரவில் கால் வீங்குகிறது, அம்மாவுக்குச் சொல்லாதே என்று அன்றைக்குத்தான் சொன்னார். உடனே அண்ணாவுக்குச் சொல்லி டொக்டரிடம் காட்டியாயிற்று. ரப்லெட் அம்மாவின் கையில் இருந்திருந்தால் அந்தக் கதை வந்திராது.

ரப்லெட் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அப்பாவோடு இப்போது லைனில்தான் கதைக்கிறேன், காசு போனாலும் பரவாயில்லை. அம்மாவோடு வீடியோ. படம் இரண்டு பேருக்கும்.

ஆகவே அக்கா, ரப்லெட் வாங்க வேண்டாம். உங்கட அம்மாவுக்குக் காது நல்லாய்க் கேட்கும், கையில் இருக்கிற போனே போதும். விமானம் ஏற முன்னம் அதை ஒருக்கால் என்னிடம் கொண்டுவாங்கோ, குழுக்களைக் குறைத்து இடத்தைத் துப்புரவாக்கித் தாறன்.