6 மீட்டர் கம்பமா, 9 மீட்டர் கம்பமா?

ஒரு வளாகத்துக்குள் 7 மீட்டர் அகலத்தில், 360 மீட்டர் நீளத்தில் ஒரு சாலை. ஓரத்தில் கார் நிறுத்துமிடம், விளக்குக் கம்பங்கள் ஒரு பக்கம் மட்டும். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944-ன் பி1 வகை என்று எடுத்துக்கொண்டால் சராசரி 8 லக்ஸ் வேண்டும். மிக மங்கலான இடத்திலும் சராசரியில் 0.3 பங்கு, அதாவது 2.4 லக்ஸ் இருக்க வேண்டும்.

இடைவெளிக்கு எல்லோரும் முதலில் போடும் கணக்கு இது:

```
S = F × UF × MF / (E × W)
```

F விளக்கின் லுமன், UF அதில் சாலையில் விழும் பங்கு, MF தூசியும் வயதும் போக மிஞ்சுவது, E வேண்டிய சராசரி லக்ஸ், W சாலையின் அகலம். 6 மீட்டர் கம்பத்தில் 7000 லுமன் விளக்கு, UF 0.4, MF 0.8 என்றால் S 40 மீட்டர். சராசரி சரியாக 8 லக்ஸ். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், தவறு இங்கேதான்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்று பாருங்கள். ஒரு புள்ளியின் வெளிச்சம் `E = I × h / d³`. இதில் I அந்தத் திசையில் விளக்கு வீசும் ஒளி, கேண்டலா கணக்கில்; h விளக்கின் உயரம்; d விளக்கிலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்ள நேர்த்தூரம். 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 6 மீட்டர் உயர விளக்கின் ஒளி செங்குத்திலிருந்து சுமார் 73 பாகைக் கோணத்தில் வருகிறது. கண் கூசாதபடி செய்த சாலை விளக்குகளில் 70 பாகைக்கு மேல் ஒளி வேகமாகக் குறையும். அங்கே 1050 கேண்டலா கிடைத்தால், இரண்டு விளக்குகளும் சேர்ந்து, MF போக, 1.1 லக்ஸ்தான். புது விளக்கின் அடியிலோ கிட்டத்தட்ட 39 லக்ஸ்! ஓட்டுபவரின் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால் நடுவில் நடப்பவர் தெரியமாட்டார்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. கம்பத்தை 9 மீட்டராக உயர்த்தினால் ஒளி கொஞ்சம் சாலைக்கு வெளியே போகும், UF 0.36 ஆகும். இடைவெளி 36 மீட்டர், 11 கம்பம். அல்லது 6 மீட்டரிலேயே 4200 லுமன் விளக்கைப் போட்டு 24 மீட்டருக்கு ஒன்று, 16 கம்பம். இரண்டிலும் இடைவெளி உயரத்தைப் போல 4 மடங்கு, இரண்டிலும் சராசரி 8 லக்ஸ். குறைந்த வெளிச்சம் விழும் இடம் நடுப்புள்ளிக்கு எதிரே, சாலையின் மறு ஓரம். 9 மீட்டரில் அங்கே 1700 கேண்டலா வந்தால் 2.5 லக்ஸ், அதாவது மயிரிழையில் தேறுகிறது. 6 மீட்டரில் 1000 கேண்டலாவுக்கு 2.8 லக்ஸ். இந்த கேண்டலா எண்களை விளக்குத் தயாரிப்பாளரின் ஒளிப்பரவல் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மொத்த லுமனும் 6 மீட்டரில் குறைவு: 67,200, மற்றதில் 77,000. ஆனால் ஐந்து அடித்தளம், ஐந்து கம்பம் கூடுதல். நிறுத்துமிடத்தின் நிழலையும் பார்க்க வேண்டும். 2 மீட்டர் உயர வேன் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால், 6 மீட்டர் விளக்கில் நிழல் 5 மீட்டர் நீளும், 9 மீட்டரில் 3 மீட்டருக்குள் அடங்கும். அந்த நிழலில்தான் பக்கத்து வண்டிக்காரர் சாவியைத் தேடுகிறார்.

அதனால் வெட்டவெளியில் நான் 9 மீட்டரைத்தான் போடுவேன். சாலையோரம் வேப்பமரங்கள் கிளை விரித்திருந்தால், 9 மீட்டர் விளக்கு இலைக்கு மேலே எரியும். அங்கே 6 மீட்டர், 24 மீட்டர் இடைவெளி.