ஹீல் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்?

சேலத்தில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஏற்காடு கிளை. ஆறு நாளும் கட்டையாக, அகலமாக இருக்கும் பிளாக் ஹீல்தான் போடுகிறேன். போன வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு ஜோடி வாங்கினேன், இரண்டும் 2 இன்ச். ஒன்றில் ஹீலும் சோலும் ஒரே வார்ப்பு. இன்னொன்றில் ஹீல் தனி, அதன் அடியில் மெல்லிய ரப்பர் துண்டு.

உயரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பின்னால் உள்ள உயரத்தில் முன்பக்க சோலின் தடிமனைக் கழித்துப் பாருங்கள். 2 இன்ச் ஹீலுக்கு முன்னால் அரை இன்ச் இருந்தால், பாதம் சரிவது ஒன்றரை இன்ச்தான். தினமும் போட எனக்கு அதுவே எல்லை. 3 இன்ச்சை ஒரே ஒரு கல்யாண சீசனில் போட்டதோடு சரி, அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

என் முடிவைத் தீர்மானித்தது அடிப்பாகம். நடக்கும்போது குதிகாலின் வெளிப்பக்க மூலைதான் முதலில் தரையைத் தொடும், அங்கேதான் முதலில் தேயும். வார்ப்பு ஜோடி ஐந்தாவது மாதத்தில் அந்த மூலையில் ஓட்டை விட்டது. எடை குறைய வேண்டும் என்று உள்ளே கூடாக விட்டிருக்கிறார்கள். மேல்தோல் தேய்ந்ததும் கூடு திறந்துகொண்டது. ஏற்காட்டில் மழைநாளில் உள்ளே தண்ணீர் ஏறி, அலுவலகம் முழுக்க சளக் சளக் என்று நடந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "ஆணி அடிக்க உள்ளே பிடிமானமே இல்லைம்மா" என்றார். பசை போட்டு ஒட்டித் தந்தார், இரண்டு வாரத்தில் உரிந்தது. அந்த சோல் டிபிஆர் என்ற, உருக்கி வார்க்கும் ரப்பர் வகை. அதற்கென்று உள்ள பிரைமர் தடவாமல் சாதாரணப் பசை அதில் நிற்காது.

தனி ஹீல் ஜோடியும் தேய்ந்தது. அதே அண்ணன் பழைய ரப்பரைப் பெயர்த்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார், 80 ரூபாய். இதுவரை இரண்டு முறை மாற்றியாயிற்று, ஹீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே நிபந்தனை, ரப்பர் முழுக்கத் தேய்ந்து ஹீல் தரையில் உரசும் முன் போய்விட வேண்டும். மாதம் ஒருமுறை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பேன். ஹீல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றால் அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு.

வார்ப்பு ஜோடிக்கும் ஒரு நல்லது சொல்லியாக வேண்டும். எடை குறைவு, ஈரத் தரையிலும் நன்றாகப் பிடிக்கும். தனி ஹீலில் அடித்துண்டு ரப்பராக இல்லாமல் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் கிரானைட் தரையில் வழுக்கிவிடும்.

கடையில் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஹீலின் அடியில் சுற்றிலும் ஒரு கோடு தெரிந்தால் துண்டு தனி. அதில் நகத்தை அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் ரப்பர். தரையில் தட்டும்போது 'டக்' என்று கணீரென்று கேட்டால் நான் வாங்கமாட்டேன்.