ஹட்டன் விற்பனை நிலையமா, கண்டி முகவரா?

ஹட்டனில் பாவித்த ஜப்பானியக் கார்களை விற்கும் நிலையத்தையும் கண்டியிலுள்ள உத்தியோகபூர்வ முகவரையும் ஒப்பிட்டால், நேர்மைச் சோதனை முதலாவதற்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது. முற்பணம் கொடுக்குமுன், ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது அதன் நிலையைக் குறித்த ஏலத் தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள செசி இலக்கத்தை வண்டியில் பொறிக்கப்பட்ட இலக்கத்துடனும், ஓடிய தூரத்தை மானியுடனும் நாமே ஒப்பிட வேண்டும். தாளில் 90,000 கிலோமீற்றர் என்றிருக்க மானி 45,000 காட்டினால் அங்கேயே விலகிவிடலாம். தாளையே போலியாக அச்சிடவும் முடியும் என்பதால், செசி இலக்கத்தைக் கொண்டு வெளியாரிடம் தனியாகச் சரிபார்ப்பது அவசியம்.

முகவரிடம் புதிய கார் வாங்கும்போது இந்தச் சந்தேகம் எழுவதில்லை. அங்கே விசாரிக்க வேண்டியது சேவையை: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்களிடம், உத்தரவாதக் காலத்தில் ஹைபிரிட் பேட்டரி பழுதானபோது மாற்றிக் கொடுத்தார்களா, உதிரிப்பாகத்துக்கு எத்தனை வாரம் காத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். மலைப்பாதையில் பிரேக் விரைவில் தேய்வதால், அதைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் ஹட்டனிலிருந்து கண்டிக்கு இறங்குவதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. ஹட்டன் நிலையம் தாளைத் தயங்காமல் தருமானால் அதையே தெரிவு செய்வேன்.