மூணு வருஷமா பைப்லைன் ஷீட்: எந்த டீல் முடியும்னு எப்படிக் கணிக்கிறோம்

கோயம்புத்தூர்ல மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் விக்கிறோம். எந்த டீல் எந்தக் கட்டத்துல இருக்கு, எவ்வளவு வரும்னு பார்க்க முதல்ல காசு கட்டி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். கொட்டேஷன் அனுப்பினாலே அது 60% வாய்ப்புன்னு போட்டுக்கும். ஒரு காலாண்டில் 1.4 கோடிக்குக் கொட்டேஷன் வெளியே இருந்தது. 84 லட்சம் வரும்னு திரை காட்டுச்சு, வந்தது 22 லட்சம்.

அப்புறம்தான் பழைய ஃபைலை எடுத்து எண்ணினேன். முந்தின வருஷம் அனுப்பின 64 கொட்டேஷன்ல ஆர்டர் ஆனது 13. அதாவது 20%. அந்தக் கணக்கைப் போட்டிருந்தா 28 லட்சம்னு வந்திருக்கும், உண்மைக்குப் பக்கத்துல.

சாஃப்ட்வேரை விட்டுட்டு சாதாரண ஷீட்டுக்கு மாறினோம். ஆனா படிகளை மாத்தினோம். நாங்க என்ன செஞ்சோம்ங்கிறதுக்குப் பதிலா பார்ட்டி என்ன செஞ்சாருன்னு பார்த்தோம். விலை மட்டும் கேட்டா முதல் படி. பழைய கம்ப்ரஸர்ல மீட்டர் மாட்டி ஒரு வாரம் லோடு பார்க்க விட்டாரா? அது இரண்டாம் படி. முடிவெடுக்கிறவரே உட்கார்ந்து விலை பேசினாரா? மூணாவது. வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் அனுப்பினாரா? நாலாவது. அட்வான்ஸ் பேங்க்ல விழுந்தாத்தான் கடைசிப் படி. ஃபாரம் வரைக்கும் வந்தவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேர் வாங்கியிருக்காங்க.

ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி, போனா காபி கொடுப்பார், "அடுத்த மாசம் பண்ணிடலாங்க" என்பார். எங்க சேல்ஸ் பையன் ஆர்டர் வரும் தேதியை மார்ச், மே, ஜூலைன்னு தள்ளிக்கிட்டே வந்தான். மீட்டர் மாட்ட மட்டும் விடவே இல்லை. கடைசியில, எங்க விலையைக் காட்டித் தன் பழைய சப்ளையர்கிட்ட குறைச்சு வாங்கிக்கிட்டார். அதுக்கப்புறம் தேதி ரெண்டு தடவை தள்ளிப் போனா டீல் ஒரு படி கீழே இறங்கும்னு வச்சுட்டோம். பசங்களுக்கு இது பிடிக்கலை, டார்கெட் அடிபடுதேன்னு.

அதே சமயம் ஒரு ஃபவுண்டரி பர்ச்சேஸ் ஆபிசர் எரிஞ்சு எரிஞ்சு விழுவார். 30% அட்வான்ஸ் முடியாது, 20 தான் என்றார். இறக்க கிரேன் நீங்க கொண்டு வருவீங்களான்னு கேட்டார். செப்டம்பருக்குள்ள ஓடணும்னும் சொன்னார். வாங்கின நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவா ஓடின மெஷினுக்கு அந்த வருஷம் வருமான வரியில் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும், அதான் அவசரம். கிரேனைப் பத்திக் கேட்கிறவர் மனசுல மெஷின் ஏற்கெனவே இறங்கிடுச்சு. 19 நாள்ல பர்ச்சேஸ் ஆர்டர் வந்தது.

குறையும் உண்டு. பழைய கஸ்டமர் போன்லயே ஆர்டர் போட்டுடுவார், அவருக்கு இந்தப் படியெல்லாம் பொருந்தாது. தனி டேப்ல வச்சிருக்கோம். வருஷத்துக்கு அறுபது எழுபது கொட்டேஷன்தான்ங்கிறதால சதவீதமும் ஆடும். ரெண்டு பெரிய ஆர்டர் தவறினா அந்தக் காலாண்டுக் கணக்கே கவிழ்ந்துடும்.

அந்த மில்காரர் போன வாரமும் கூப்பிட்டு விலை கேட்டார். முதல் படியில எழுதி வச்சிருக்கேன்.